விபத்துக் கணக்கில் பூஜ்ஜியம்: அது சொல்வதும் மறைப்பதும்

2005 மார்ச் 23 அன்று நண்பகல். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் உள்ள பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், ஒப்பந்தப் பணியாளர்கள் சிலர் மதிய உணவை முடித்துக்கொண்டு தங்கள் தற்காலிக அலுவலகக் கூண்டுகளுக்குத் திரும்பினர். அது ஒரு கொண்டாட்ட விருந்து. பணிநாள் இழப்பை ஏற்படுத்தும் காயம் எதுவும் இல்லாமல் ஒரு மாதம் கடந்ததற்காக அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பிற்பகல் 1.20 மணியளவில் அருகிலிருந்த அலகு வெடித்தது. 15 பேர் இறந்தனர். ஏறத்தாழ 180 பேர் காயமடைந்தனர். இறந்த 15 பேருமே ஒப்பந்தப் பணியாளர்கள்.

தொழிலிடப் பாதுகாப்பை அளக்க இரு வகைக் குறியீடுகள் உள்ளன. நடந்து முடிந்த தீங்கை எண்ணுபவை பின்னுணர்த்தும் குறியீடுகள். மரணம், காயம், இழந்த பணிநாட்கள் ஆகியவை இவ்வகை. தீங்கைத் தடுக்கும் ஏற்பாடுகள் இன்று எந்த நிலையில் உள்ளன என்பதைக் காட்டுபவை முன்னுணர்த்தும் குறியீடுகள். பழுதடைந்த கருவி எத்தனை நாட்களாகச் சரிசெய்யப்படவில்லை, வரம்பு எத்தனை முறை மீறப்பட்டது என்பவை இவ்வகை. ஆங்கிலத்தில் லேகிங், லீடிங் இண்டிகேட்டர் என்று வழங்கப்படுபவை இவையே. டெக்சாஸ் சிட்டி நிர்வாகம் முதல் வகையை நம்பி, இரண்டாம் வகையைக் காணத் தவறியது.

அந்த ஆலையின் காயவிகிதம் 2004ஆம் ஆண்டில் அதன் வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்றாக இருந்தது. அந்த எண் பொய்யன்று. ஆனால் அது எண்ணியது வழுக்கி விழுதல், கை நசுங்குதல் போன்ற அன்றாடக் காயங்களை. ஓர் ஆலை வெடிப்பதற்கான காரணங்கள் வேறு. அவை காயப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

அன்று நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 170 அடி உயரக் கோபுரம் ஒன்றில் எரிதிரவத்தை நிரப்பி அலகை இயக்கத் தொடங்கினர். திரவ மட்டத்தைக் காட்டும் கருவி, கோபுரத்தின் அடிப்பகுதியில் சுமார் 9 அடி வரை மட்டுமே அளக்கக்கூடியது. மட்டம் அதையும் தாண்டி உயர்ந்துகொண்டிருந்தபோது, கருவியோ அது மெல்லக் குறைவதாகக் காட்டியது. மிகை மட்டத்தை எச்சரிக்க வேண்டிய இரண்டாவது எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. மட்டத்தை நேரில் காண உதவும் கண்ணாடிக் குழாய் பயனற்றுக் கிடந்தது. திரவம் ஏறத்தாழ 158 அடிக்கு உயர்ந்து, வெளியேற்றுக் குழாய் வழியே வானில் பீறிட்டது. அங்கிருந்து சுமார் 120 அடி தொலைவில்தான் ஒப்பந்தப் பணியாளர்களின் கூண்டுகள் நின்றன.

இவற்றில் எதுவும் அன்றுதான் முளைத்ததன்று. முந்தைய ஐந்தாண்டுகளில் அதே கோபுரத்தை இயக்கத் தொடங்கிய தருணங்களில் பெரும்பாலானவற்றில் திரவ மட்டமோ அழுத்தமோ இயல்பை மீறியிருந்தது என்பதை விசாரணை வெளிக்கொணர்ந்தது. யாரும் காயமடையாததால் அவை விசாரிக்கப்படவில்லை. ஒவ்வொரு மீறலும் ஒரு முன்னறிவிப்பு. காயக் கணக்கிலோ அவை அனைத்தும் பூஜ்ஜியம். காயவிகிதத்தைக் கொண்டு ஆலைப் பாதுகாப்பை மதிப்பிட்டது பிழை என்று 2007இல் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழுவும் சுட்டிக்காட்டியது.

இந்தியாவில் இந்தப் பாடம் மிகக் கூர்மையாகப் பொருந்துவது பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணிக்கே. அங்கும் இறப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் கடைசிக் கண்ணியில் நிற்பவர்கள். சாதியால் அப்பணிக்குத் தள்ளப்பட்டவர்கள். அங்கும் ‘எங்கள் எல்லையில் இவ்வாண்டு மரணம் இல்லை’ என்ற ஒற்றை வரி சாதனையாக முன்வைக்கப்படுகிறது.

அந்த வரி எவ்வளவு சொல்கிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஒரு நகராட்சியில் ஆண்டுக்கு 60 முறை மனிதர்கள் சாக்கடைக்குள் இறக்கப்படுவதாகவும், 500 முறை இறங்கினால் ஒருமுறை மரணம் நேரும் என்றும் வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்திற்கான எண்கள் மட்டுமே. அப்படியானால் ஓராண்டு மரணமின்றிக் கழிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 89. ஆபத்து சிறிதும் குறையாமலேயே, பத்தில் ஒன்பது ஆண்டுகள் அந்த நகராட்சி ‘பூஜ்ஜியம்’ என்று அறிவிக்க முடியும். அரிதாக நிகழும் பெருந்தீங்கை, அது நிகழ்ந்த எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

எண்ணிக்கை எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது என்பதும் அதை மாற்றிவிடும். கையால் மலம் அள்ளும் பணியால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் துப்புரவு செய்கையில் நேர்ந்த மரணங்களோ வேறு தலைப்பில் கணக்கிடப்பட்டன. இறந்தவர்கள் மாறவில்லை, தலைப்பு மாறியதும் ஒரு பத்தியில் பூஜ்ஜியம் வந்தது.

அப்படியானால் எதை எண்ண வேண்டும்? பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அபாயகரமான துப்புரவுப் பணிக்கு ஆட்களை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே மனிதர் உள்ளே இறங்கிய ஒவ்வொரு நிகழ்வும், அவர் உயிரோடு மேலே வந்திருந்தாலும், எண்ணப்பட வேண்டிய நிகழ்வே. டெக்சாஸ் சிட்டியில் மட்டம் மீறிய ஒவ்வொரு தொடக்கத்திற்கும் இது இணையானது. நேற்று இறங்கியவர் பிழைத்தார் என்பது இன்றைய குழியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கழிவைக் கிளறும் கணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு திடீரெனப் பெருகக்கூடும். அதன் செறிவு மிகும்போது மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றமே தெரியாமல் போகும்.

இந்த எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தேட முடியும். ஓராண்டில் வந்த அடைப்புப் புகார்கள் எத்தனை, அவற்றுள் இயந்திர வண்டி சென்றவை எத்தனை, அந்த வண்டி பழுதாகி நின்ற நாட்கள் எத்தனை என்று கேட்கலாம். 400 புகார்கள் தீர்க்கப்பட்டதாகப் பதிவேடு கூறி, வண்டியின் ஓட்டக் குறிப்பேடு 250 பயணங்களை மட்டும் காட்டினால், எஞ்சிய 150 அடைப்புகளை நீக்கியது யார் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு நியாயமான விடையும் இருக்கலாம்: ஒரே பயணத்தில் இரு அடைப்புகள் நீக்கப்பட்டிருக்கலாம், சாலையில் நின்றபடியே கழிகொண்டு நீக்கியிருக்கலாம். ஆனால் அந்த விடையைப் பதிவுடன் தர வேண்டியது நிர்வாகம். மரணம் நிகழும்வரை காத்திராமல் கேட்கக்கூடிய கேள்வி இது.

முன்னுணர்த்தும் குறியீடுகளிலும் ஏமாற்று நுழையும். எண்ணப்படுவதை அழகாகக் காட்டும் ஆசை அங்கும் உண்டு. வாயுச் சோதனைப் பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே அளவு, ஒரே கையெழுத்து, ஒரே நேரம் இருந்தால் சோதனை நடக்கவில்லை என்றே ஐயுற வேண்டும். மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் பற்றிய புகார்கள் திடீரெனக் குறைந்தால், ஆபத்து குறைந்ததா, புகார் சொன்னவர் வேலை இழந்தாரா என்று பார்க்க வேண்டும். எனவே முன்னுணர்த்தும் எண்களைத் தொழிலாளர்களின் நேரடி வாக்குமூலத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். மரணக் கணக்கையும் கைவிடக் கூடாது. இறந்தவரின் குடும்பத்திற்குரிய இழப்பீடு அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

மரணக் கணக்கு, யார் இறந்தார் என்று சொல்கிறது. இறங்கியோர் கணக்கு, அடுத்து யார் இறக்கக்கூடும் என்று சொல்கிறது. இரண்டாவது கணக்கை வைக்காத நிர்வாகம் முதல் கணக்கின் பூஜ்ஜியத்தைத் தன் சாதனையாகக் கோர இயலாது.