பூச்சிக் குளிசை போட்டும் களைப்பு ஏன்?

அலவத்துகொடப் பக்கத்தில் தோட்டவேலை செய்யும் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது.

வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும் கொழுக்கிப்புழு குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது. இலங்கையில் பரவலான இனத்தில் ஒரு புழுவால் நாளுக்குச் சுமார் 0.03 மில்லிலீற்றர் இரத்தம் போகும். நூறு புழு இருந்தால் 3 மில்லிலீற்றர். அதோடு 1 மில்லிகிராமளவு இரும்பும் போய்விடும். சாதாரண உணவிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சுவதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பூச்சிக் குளிசை புழுவை அகற்றும், இழந்த இரும்பைத் தராது. இரும்பு மட்டும் கொடுத்தால் ஓட்டைப் பானையில் நீர். 1994இல் வெளியான தோட்டத்துறை ஆய்வொன்றில், கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலத்தோடு மெபென்டசோலும் சேர்த்தபோது ஹீமோகுளோபின் மேலும் உயர்ந்தது. மெபென்டசோல் முதல் மூன்று மாதம் கழிந்த பின்னரே கொடுக்கப்படும்.

இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்வது எளிது! இரத்த அளவு சரியான பின்னும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் சேமிப்பு நிரம்பும்.