கடற்படை குண்டு மழை பொழிந்தும் கரையேற முடியாதது ஏன்? தராவா தரையிறக்கம் சொல்லும் கணக்கு

கடல் வழியாக வந்து, எதிரி காத்திருக்கும் கரையில் படையை இறக்குவது ராணுவ வேலைகளிலேயே மிகக் கடினமானது என்பார்கள். காரணம் எளிது. கரையில் இருப்பவருக்குப் பதுங்குகுழி இருக்கிறது. வருபவருக்கோ படகின் பக்கப்பலகையைத் தவிர மறைவு எதுவும் இல்லை. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் முதலில் போர்க்கப்பல்கள் கரையைச் சுடுகின்றன. சரி, அவ்வளவு சுட்ட பிறகும் கரையில் ஆட்கள் உயிரோடு இருப்பது எப்படி? இதைப் புரிந்துகொள்ள 1943 நவம்பர் 20-ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலின் தராவா பவளத்தீவில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

இன்றைய கிரிபாட்டி நாட்டில் இருக்கிறது தராவா. அங்கே பெட்டியோ என்ற குட்டித் தீவில் ஜப்பான் விமான ஓடுதளம் அமைத்திருந்தது. தீவின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். அகலம் அதிகபட்சம் 800 மீட்டர்கூட இருக்காது. அதற்குள் தொழிலாளர்களையும் சேர்த்து 4,500-க்கும் மேற்பட்டோர். தென்னை மரத் தண்டுகளை அடுக்கி, மேலே பவளமணலைக் குவித்துப் பதுங்கு அரண்கள் கட்டியிருந்தார்கள். மணலும் தென்னந்தண்டும் வெடிப்பின் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் போல விரிசல் விடாது.

எந்தக் கரை, எந்த நேரம்?

திட்டமிடுபவர்கள் முதலில் பார்ப்பது கரையை. ஜப்பானியர்கள் கடலைப் பார்த்த தெற்குப் பக்கத்தை அதிகம் பலப்படுத்தியிருந்தார்கள். அதனால் அமெரிக்கர்கள் வடக்கே, அலையடிக்காத காயல் பக்கமாக இறங்க முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் பக்கம் கரையிலிருந்து பல நூறு மீட்டர் தூரத்துக்குப் பவளப்பாறைத் திட்டு தண்ணீருக்கடியில் பரந்து கிடந்தது.

வீரர்களை ஏற்றிவரும் ஹிக்கின்ஸ் படகு மிதக்க ஏறத்தாழ நாலு அடி தண்ணீர் வேண்டும். திட்டின் மேல் அவ்வளவு தண்ணீர் இருக்குமா? இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே தொங்கியது. அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஃபிராங்க் ஹாலண்ட் என்பவர், மூன்று அடிகூட இருக்காது என்று எச்சரித்தார். மற்றவர்கள் ஐந்து அடி இருக்கும் என்று நம்பினார்கள். மரைன் டிவிஷன் தளபதி ஜூலியன் ஸ்மித் இரண்டுக்கும் தயாராக இருக்கப் பார்த்தார். சங்கிலிப் பட்டையால் பாறை மேலும் ஊர்ந்து ஏறக்கூடிய ஆம்ட்ராக் வண்டிகள் 125 கிடைத்தன. முதல் மூன்று வரிசை வீரர்களுக்கு அவை போதும். அடுத்து வருபவர்களுக்குப் படகுதான்.

அவர் கேட்ட இன்னும் இரண்டு விஷயங்கள் மறுக்கப்பட்டன. ஒன்று, பல நாள் குண்டுவீச்சு. இன்னொன்று, பக்கத்துத் தீவை முதலில் பிடித்து அங்கே பீரங்கிகளை நிறுத்துவது. நாளை இழுத்தால் ஜப்பானியக் கடற்படை வந்துவிடும் என்பது மேலிடத்தின் பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. கரைக்கு அருகே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் சுலபமான இலக்கு. ஆனால் அதற்கான விலையை வேறு ஆட்கள் கொடுக்க வேண்டியிருந்தது.

3,000 டன் குண்டு, ஆனாலும்...

அன்று காலை சுமார் மூன்று மணி நேரத்தில், இடையிடையே நிறுத்தி, ஏறக்குறைய 3,000 டன் குண்டுகள் அந்தத் தீவின் மேல் விழுந்தன. தீவே புகையில் மறைந்தது. பார்த்தவர்கள் உள்ளே எதுவும் மிஞ்சாது என்று நினைத்தார்கள்.

சிக்கல் குண்டின் அளவில் இல்லை, அது விழும் கோணத்தில். கப்பல் கரைக்கு நெருக்கமாக நின்று சுட்டால் குண்டு கிட்டத்தட்டப் படுக்கையாகப் பறக்கும். தட்டையான மணல்தீவில் அது அரண் மேல் பட்டுச் சறுக்கி, மறுபக்கக் கடலில் போய் விழும். அரணைப் பிளக்க வேண்டுமானால் மேலிருந்து செங்குத்தாக இறங்கவேண்டும். அதோடு, இலக்கை ஒவ்வொன்றாகக் குறிவைத்துச் சுட நேரம் வேண்டும். அன்று நடந்தது பெரும்பாலும் பரப்பைப் பார்த்துச் சுட்டதுதான்.

குண்டுவீச்சு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. தீவெங்கும் ஓடிய தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயின. இதனால் ஜப்பானியத் தரப்பு முதல் இரவில் ஒருங்கிணைந்த எதிர்த்தாக்குதல் நடத்தவே முடியவில்லை. அன்று இரவு அப்படி ஒன்று வந்திருந்தால் கரையில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இடையில் இன்னொரு கோளாறு. தலைமைக் கப்பலான மேரிலாண்ட் தன் பெரிய பீரங்கிகளைச் சுட்ட அதிர்ச்சியிலேயே, அதன் வானொலிக் கருவிகள் செயலிழந்தன. குண்டுவீச்சை நிறுத்திவிட்டு விமானங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவை அரை மணி நேரம் தாமதமாக வந்தன. ஆம்ட்ராக்குகளும் எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. கரையேறும் நேரம் 8:30-இலிருந்து 9:00-க்குத் தள்ளிப்போனது.

புகையில் எதுவும் தெரியாததால், சொந்த ஆட்கள் மேலேயே குண்டு விழுந்துவிடக்கூடாது என்று 8:55-க்குக் கப்பல்கள் சுடுவதை நிறுத்தின. முதல் ஆம்ட்ராக் கரையைத் தொட்டதோ 9:10 வாக்கில். அந்தக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஜப்பானியர்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தார்கள். தெற்கில் இருந்தவர்கள் வடக்குப் பக்கம் ஓடிவந்து துப்பாக்கிகளைப் பிடித்தார்கள்.

தண்ணீரில் நடந்தவர்கள்

முதல் மூன்று வரிசையில் பெரும்பாலானோர் கரை சேர்ந்தார்கள். நாலாவது வரிசையின் படகுகள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றன. ஹாலண்ட் சொன்னதுதான் நடந்தது. வீரர்கள் மார்பளவு தண்ணீரில் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, 500 மீட்டருக்கும் மேல் நடந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். தண்ணீரில் ஓட முடியாது, படுக்கவும் முடியாது. அன்று கரை நோக்கி வந்த சுமார் 5,000 பேரில் 1,500 பேர் இரவுக்குள் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

ஏன் தண்ணீர் ஏறவில்லை? அமாவாசை, பௌர்ணமியில் கடல் அதிகமாக ஏறி வற்றும். அரைநிலா நாட்களில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. தாக்குதல் நடந்தது அரைநிலாக் காலம். போதாக்குறைக்கு, நிலா பூமியை விட்டு மிகத் தொலைவில் இருக்கும் நாளும் அதே நேரத்தில் வந்தது. டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 1980-களில் இதைக் கணக்கிட்டு விளக்கினார். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகுதான் படகுகள் உள்ளே வரும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது.

அந்த நாளிலேயே இன்னொரு காட்சி. மேற்குக் கரையை, ஏற்கெனவே தீவில் இருந்த மேஜர் மைக்கேல் ரையனின் ஆட்கள் பக்கவாட்டிலிருந்து கைப்பற்றினார்கள். அன்று மாலை அங்கே ரப்பர் படகுகளில் ஒரு முழு பட்டாலியன் ஏறக்குறைய சேதமே இல்லாமல் இறங்கியது. நேராக மோதிய கரைக்கும், உள்ளிருந்து திறந்துவிடப்பட்ட கரைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

76 மணி நேரத்தில் தீவு விழுந்தது. அமெரிக்கர்களில் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். ஜப்பானிய வீரர்களில் பிடிபட்டவர்கள் வெறும் 17 பேர். அவர்களோடு கொரியத் தொழிலாளர்கள் 129 பேர்.

அடுத்து என்ன மாற்றினார்கள்?

பெட்டியோவின் அரண்களைப் போலவே ஹவாயின் கஹோலாவே தீவில் மாதிரிகள் கட்டி, கப்பல் பீரங்கிக்காரர்கள் அவற்றை உடைக்கப் பழகினார்கள். சில வாரங்களிலேயே, 1944 பிப்ரவரியில், குவாஜலீன் தீவுகளைத் தாக்கியபோது குண்டுவீச்சு மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் நடந்தது. ஸ்மித் கேட்டு மறுக்கப்பட்டதுபோலவே, முதலில் பக்கத்துக் குட்டித் தீவுகளைப் பிடித்து அங்கே பீரங்கிகளை நிறுத்தினார்கள். ஆம்ட்ராக்குகள் அதிகம் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்பாக, திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, இரண்டு நீச்சல் வீரர்கள் நீச்சல் உடையோடு பட்டப்பகலில் கடலில் இறங்கினார்கள்.