சூத்திரத் தாளின் முதல் வரி: வாயுச் செயன்முறைகளும் குறி வழக்கும்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து வரும் மாணவர், வெப்ப இயக்கவியலின் முதலாம் விதியை ΔQ = ΔU + ΔW என்று பௌதிகவியலில் மனப்பாடம் செய்திருப்பார். அங்கே W என்பது வாயு வெளியே செய்த வேலை. பீடத்துக்கு வந்தபின் அவர் புரட்டும் ஆங்கில நூல்களில் சில அதே வழக்கைப் பின்பற்றும். வேறு சிலவற்றில் ΔU = Q + W என்று இருக்கும். இதில் W வாயுவின்மேல் செய்யப்பட்ட வேலை. தூய, பிரயோக இரசாயனவியலின் சர்வதேச ஒன்றியம் பரிந்துரைப்பதும் இந்த இரண்டாவது வடிவத்தையே. இரண்டும் சரியானவை. ஆனால் ஒன்றின் W வை மற்றதன் சமன்பாட்டில் போட்டால் விடை பிழைத்துவிடும்.

பரீட்சைக்கு முன் மாணவர் தயாரிக்கும் ஒற்றைப்பக்கச் சூத்திரத் தாளில் மாறாக் கனவளவு, மாறா அமுக்கம், சமவெப்பம், சேறலிலி, பொலிட்ரோப்பிக் என்று ஐந்து வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் W, Q, ΔU என மூன்று கட்டங்கள். W எவருடைய வேலை என்று சொல்லும் வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த வரிதான் தாளின் உயிர் என்பதும், ஐந்து வரிசைகளையும் ஒன்றாகச் சுருக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரு வழக்குகளும் வெவ்வேறு தேவைகளிலிருந்து வந்தவை. 1850இல் கிளாசியசு முதலாம் விதியை எழுதியபோது அவர் முன்னிருந்தது நீராவி எஞ்சின். எஞ்சினுக்குள் வெப்பம் போகிறது, வெளியே வேலை வருகிறது. இரண்டையும் நேர்க்குறியாக வைத்துக்கொள்வது எஞ்சின்காரருக்கு வசதி. இரசாயனவியலாளருக்கோ குடுவைக்குள் வருவதெல்லாம் வரவு, வெப்பமானாலும் வேலையானாலும். பொறியியல் மாணவருக்கு முதல் வழக்கே இயல்பானது என்பது என் கருத்து. இங்கு அதையே கையாள்கிறேன்.

வன்னி வயல்களில் ஓடும் இரு சில்லு உழவு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். லான்ட்மாஸ்ரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், சிலிண்டரைச் சுற்றி நீர்த்தொட்டி. ஓட ஓட அந்த நீர் கொதித்து ஆவி பறக்கும். நெருக்கல் விகிதத்தை 18 என்றும், உறிஞ்சிய காற்றின் வெப்பநிலையை 305 K, அதாவது 32 பாகை செல்சியசு என்றும், பொலிட்ரோப்பிக் சுட்டி n ஐ 1.35 என்றும் கொள்வோம். காற்றுக்கு γ = 1.4, R = 0.287 kJ/kg K, cv = 0.7175 kJ/kg K. தாளில் இவ்வளவு போதும்:

```
W > 0 : வாயு வெளியே செய்த வேலை
Q > 0 : வாயுவுக்குள் வந்த வெப்பம்
T2 = T1 (V1/V2)^(n-1)
ΔU = m cv (T2 - T1)
W  = m R (T1 - T2)/(n - 1)
Q  = ΔU + W = W (γ - n)/(γ - 1)
```

18 இன் 0.35ஆம் அடுக்கு 2.75. ஆகவே T2 ஏறத்தாழ 839 K. ஒரு கிலோகிராம் காற்றுக்கு ΔU = 383 kJ; W = −438 kJ. மறைக்குறி வருவது சரி, ஏனெனில் வேலை காற்றின்மேல் செய்யப்படுகிறது. Q = 383 − 438 = −55 kJ. காற்று சிலிண்டர் சுவருக்கு வெப்பத்தை இழக்கிறது. கடைசிச் சூத்திரமும் அதையே தருகிறது: 0.05/0.4 = 0.125, அதை −438 ஆல் பெருக்கினால் −55.

இதே W = −438 ஐ, வேறொரு தாளிலிருந்து எடுத்த ΔU = Q + W இல் போட்டால் Q = 383 + 438 = +821 kJ. பிஸ்டன் அமுக்கிக்கொண்டிருக்கும் காற்றுக்குள், நீர் குளிரூட்டும் சுவர் 821 kJ வெப்பத்தை ஊட்டியதாக அர்த்தம். 839 K வரை சூடேறும் வாயுவுக்கு, நீர் கொதிக்கும் அளவிலேயே குளிர்த்தி பெறும் சுவர் இவ்வளவு வெப்பத்தை எங்கிருந்து கொடுக்கும்? விடையை எழுதியதும் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிழை உடனே தெரிந்துவிடும்.

மாணவர் அதிகம் தடுமாறும் இடம் இன்னொன்று. வெப்பநிலை ஏறினால் வெப்பம் உள்ளே வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பள்ளிக்காலம் முதல் மனதில் பதிந்தது. −55 என்ற விடை கண்டதும் அதை நம்பாமல் குறியை அழித்து +55 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் n, 1 க்கும் γ க்கும் இடையில் இருக்கும்வரை வெப்பமும் வெப்பநிலையும் எதிரெதிர்த் திசையிலேயே போகும். பிஸ்டன் கொடுத்த 438 இல் 55 சுவருக்குப் போக, மிச்சம் 383 வாயுவிலேயே தங்கி அதைச் சூடாக்குகிறது. இத்தகைய செயன்முறைக்கு வரையறுக்கும் தன்வெப்பக் கொள்ளளவு, cn = cv (n − γ)/(n − 1), இங்கு −0.10 kJ/kg K. மறைக்குறித் தன்வெப்பம் என்றால் விசித்திரமாகத் தோன்றும். அது வாயுவின் இயல்பல்ல, வாயு சென்ற பாதையின் இயல்பு.

மற்ற நான்கு வரிசைகளும் இதற்குள்ளேயே அடங்குகின்றன. n = γ என்றால் Q பூச்சியம்; அதுவே சேறலிலி. n = 0 என்றால் Q = W γ/(γ − 1); அது மாறா அமுக்கம். n = 1 என்றால் Q = W வருகிறது. ஆனால் W இன் சூத்திரம் 0/0 ஆகிவிடுவதால் சமவெப்பத்துக்கு மட்டும் W = m R T ln(V2/V1) என்று தனியாக எழுத வேண்டும். n முடிவிலியானால் மாறாக் கனவளவு; W பூச்சியம், Q = ΔU.

இந்தத் தாள் பொய்க்கும் இடங்களும் உண்டு. முதலாவது, n மாறிலி என்பது சராசரிக் கணக்கே. நெருக்கலின் தொடக்கத்தில் காற்று சுவரைவிடக் குளிர்ந்தது. வெப்பம் சுவரிலிருந்து காற்றுக்குப் போகிறது. பிஸ்டன் மேலே ஏறியபின்தான் திசை மாறுகிறது. −55 என்பது முழு வீச்சுக்குமான நிகர அளவு. இரண்டாவது, W இன் சூத்திரம் மெதுவாக, சமநிலையோடு நடக்கும் மாற்றத்துக்கே உரியது. இடைத்தடுப்பு உடைந்து வாயு வெற்றிடத்துக்குள் பாயும்போது Q பூச்சியம்தான், ஆனால் W உம் பூச்சியம். அங்கே சேறலிலி வரிசையைப் போட்டால் இல்லாத வேலைக்கு ஒரு பெறுமானம் கிடைக்கும். மூன்றாவது, இது மூடிய தொகுதிக்கானது. டயர்க்கடைக் கொம்பிரசர் போன்று காற்று ஓடிக்கொண்டேயிருக்கும் தொகுதியில் அச்சு வேலை மேலுள்ள W இன் n மடங்கு.

n இன் மதிப்பு வெறும் பரீட்சை எண் அல்ல என்பதை, கைப்பிடி சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கும் விவசாயி தன் கையாலேயே அறிவார். நெருக்கலைத் தளர்த்தும் நெம்புகோலைப் பிடித்தபடி பறப்புச் சில்லை வேகமேற்றி, பின் நெம்புகோலை விடுகிறார். சுழற்சி மெதுவாக இருந்தால் வெப்பம் சுவருக்குப் போகவும் காற்று வளையங்களூடாகக் கசியவும் நேரம் கிடைக்கிறது. பயனுறு n குறைகிறது. n = 1.25 ஆனால் அதே 305 K காற்று 628 K ஐத்தான் எட்டும். 839 உடன் ஒப்பிட்டால் 211 பாகை குறைவு. எஞ்சின் புகைவிட்டு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடம் நடத்துவோரிடமும் வினாத்தாள் தயாரிப்போரிடமும் ஒரு வேண்டுகோள்: W எவருடைய வேலை என்பதை வினாவின் முதல் வரியில் அச்சிடுங்கள். மாணவர்களிடமும் அதையே கேட்கிறேன்: எந்தச் சூத்திரத்தையும் எழுதுமுன் அந்த வரியை விடைத்தாளில் எழுதுங்கள்.