சொல்லின்றி வரும் இரண்டு படங்கள்

அலுவலகத்திலிருந்து ஒரு படம் மட்டும் வருகிறது. கூடவே ஒரு வரிகூட இல்லை. அனுப்பியவர் படத்துக்கு விளக்கம் கேட்கிறாரா, திருத்தமாக வரைந்து தரச் சொல்கிறாரா, குறைகளைச் சொல்லச் சொல்கிறாரா என்று தெரியாது. வந்தது ஃப்ளோசார்ட்டா, நிர்வாக அமைப்புப் படமா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பெட்டியும் கோடுமாக இரண்டும் ஒரே ஜாடையில் இருந்தாலும், பிறந்த நோக்கம் வேறு.

அமெரிக்கப் பொறியாளர்களான ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் வேலையின் படிகளைக் குறியீடுகளால் வரையும் முறையைப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். ஃப்ளோசார்ட்டின் முன்னோடியான அது, வேண்டாத படிகளைக் கண்டுபிடித்து நீக்குவதற்காகவே உருவானது. அமைப்புப் படத்தின் கதை அதற்கும் முந்தையது. 1855-இல் நியூயார்க் - ஈரி ரயில்வேயின் கண்காணிப்பாளர் டேனியல் மெக்கல்லம், யார் யாருக்குக் கீழ் என்பதை மரம் போன்ற படமாக வரையச் செய்தார். இயக்குநர்கள் அதில் வேரருகே இருந்தார்கள். பரந்து கிடந்த ரயில்பாதையில் யார் யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிவிப்பதே அதன் வேலை. ஆக, ஃப்ளோசார்ட் சோதித்துப் பார்க்கப் பிறந்தது. அமைப்புப் படம் தெரிவிக்கப் பிறந்தது.

பொருள் வாங்கும் நடைமுறையை எடுத்துக்கொள்வோம். ஃப்ளோசார்ட்டில் கோரிக்கை கிளம்புகிறது. 'துறைத் தலைவர் ஒப்புதல்?' என்ற சாய்சதுரத்திலிருந்து 'ஆம்' மட்டும் வெளியேறுகிறது. 'இல்லை' எங்கே போகும் என்று அம்பு இல்லை. அடுத்த சாய்சதுரம்: 'தொகை 50,000 ரூபாய்க்கு மேலா?' ஆம் என்றால் நிதிப்பிரிவுக்கு, இல்லை என்றால் நேரே கொள்முதல் ஆணைக்கு. நிதிப்பிரிவு மறுத்தால் கோரிக்கை தொடக்கத்துக்கே திரும்புகிறது. எத்தனை முறை திரும்பலாம், எப்போது முடியும் என்பதற்குப் பெட்டி இல்லை.

இதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தாலே குறைகள் வெளியே வந்துவிடும். 40,000, 50,000, 60,000 என்று மூன்று தொகைகளை வைத்து அம்புகளின் வழியே விரலை நகர்த்திப் பாருங்கள். சரியாக 50,000 ரூபாய்க் கோரிக்கை நிதிப்பிரிவைத் தொடாமல் போகும். அது விதியா, எழுத்துப் பிழையா என்பதை மட்டும் அனுப்பியவரிடம் கேட்க வேண்டும். காணாமல்போன 'இல்லை'யும் முடிவில்லாத சுழலும் படத்துக்குள்ளேயே தெரியும் பிழைகள். அவற்றுக்கு வெளிச்சாட்சி தேவையில்லை.

அதே அலுவலகத்தின் அமைப்புப் படத்தில் கிடங்குப் பொறுப்பாளர் கொள்முதல் மேலாளருக்குக் கீழே இருக்கிறார். கணக்குப் பிரிவுக்கு அவரிடமிருந்து ஒரு புள்ளிக்கோடு போகிறது. ஆணையிடுபவரின் கீழேயே சரக்கைப் பெற்றுக்கொள்பவரும் இருந்தால், வராத சரக்கை வந்ததாகக் கணக்கெழுத இடமுண்டு என்று தணிக்கை தெரிந்தவர் உடனே சொல்வார். அது பிழைதான் என்று இந்தப் படத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆள் குறைந்த அலுவலகத்தில் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். அந்த ஆபத்தைச் சரிக்கட்டத்தான் புள்ளிக்கோடு போட்டிருக்கலாம். படத்தில் பெயரில்லாத காலிப் பெட்டி இருந்தால் அதுவும் அப்படித்தான். விலகியவரின் இடமா, புதிதாக எடுக்கப்போகும் ஆளின் இடமா என்பதைப் படம் சொல்லாது.

திரும்ப வரைவதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. ஃப்ளோசார்ட்டில் பெட்டியை இடம் மாற்றலாம். அம்பு கிளம்பும் இடமும் சேரும் இடமும் மாறாதவரை பொருள் மாறாது. அமைப்புப் படத்தில் ஒரு பெட்டியை அழகுக்காக ஒரு வரிசை மேலே ஏற்றினால், அந்த மனிதரின் பதவி உயர்ந்ததாகப் பார்ப்பவர்கள் படிப்பார்கள்.

அனுப்பியவரின் எண்ணத்தைக் காட்டும் தடயங்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய பொதுவானவை. வெள்ளைப் பலகையைக் கோணலாக எடுத்த புகைப்படம் என்றால் வரைந்து தரச் சொல்லும் வாய்ப்பு அதிகம். 'வரைவு', 'முன்மொழிவு' என்ற சொற்கள் மூலையில் இருந்தால் கருத்துக் கேட்கிறார். பதிப்பு எண்ணும் ஒப்புதல் கையெழுத்தும் உள்ள தெளிவான பிரதியாக இருந்தால், அனுப்பியவருக்குப் புரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தடயம் ஏதும் இல்லாதபோதுதான் இரண்டும் வெவ்வேறு வழி கேட்கின்றன. ஃப்ளோசார்ட் வந்தால் படிப்படியாக விளக்கி எழுதி, வழியில் கண்ட அறுந்த அம்புகளையும் அங்கங்கே குறித்து அனுப்பிவிடலாம். அந்த ஒரே பதில் விளக்கம் கேட்டவருக்கும் குறை கேட்டவருக்கும் பயன்படும், வரைந்து தரக் கேட்டிருந்தாலும் அதுவே முதல் படி. அமைப்புப் படம் வந்தால் அதில் இருப்பதை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு, "இது இப்போது நடப்பில் உள்ளதா, வரப்போவதா?" என்று கேட்பதே சரி. அதற்குப் பதில் வருமுன் எழுதும் விமர்சனம், காரணம் தெரியாமல் ஒரு மனிதரின் வேலையைப் பற்றிச் சொன்ன தீர்ப்பாகிவிடும்.