எதிர்வினை நெறி

ஒரே மரபணு அமைப்புள்ள உயிரி, வெவ்வேறு சூழல்களில் எந்தெந்த உருவம் எடுக்கிறது என்பதைக் காட்டும் கோடு. ஜெர்மானிய உயிரியலாளர் ரிச்சர்ட் வோல்ட்டெரெக் 1909இல் நீர்த்தெள்ளுகளை ஆராய்ந்தபோது இக்கருத்தை முன்வைத்தார்.

நெல்லின் உயரத்தில் இது தெளிவாகத் தெரியும். பீட்டா என்னும் நெட்டை ரகம், தழைச்சத்து மிகுந்த மண்ணில் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். அதன் வாரிசான, 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 ரகத்தில் உள்ள குட்டை மரபணு, ஜிப்ரலின் சுரப்பைக் குறைப்பதால் தண்டு அவ்வளவாக நீளாது.

கணக்குக்காக, மெலிந்த மண்ணில் நெட்டை 130 செ.மீ., குட்டை 90 செ.மீ. என்றும், வளமான மண்ணில் 170, 100 என்றும் கொள்வோம். இடைவெளி 40இலிருந்து 70 ஆகிறது. இந்த 30 செ.மீ. மாற்றமே மரபணு–சூழல் இடைவினை. கோடுகள் இணையாகச் சென்றிருந்தால் இடைவினை இல்லை. இடைவினை இருக்க அவை வெட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரே வயலில் மட்டும் அளந்தால் இடைவினை புலப்படாது. இரு ரகங்களையும் பல மண்களில், ஒவ்வொன்றிலும் பல பாத்திகளாக நட வேண்டும். இல்லையெனில் பாத்திக்குப் பாத்தி வரும் தற்செயல் வேறுபாட்டையே இடைவினை என்று எண்ணிவிடுவோம். அளந்த மண்களுக்கு அப்பால், உவர் நிலத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டை நீட்டிப் பார்ப்பது வெறும் ஊகம்.