மஞ்சள் பையில் நாலு வரி

அக்கா மகளின் காதணி விழாவுக்குத் தாம்பூலப் பை அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. காடாத்துணியில் மஞ்சள் பை, முந்நூறு. மாமா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: "எங்கள் இல்லக் காதணி விழாவிற்கு வருகை தந்து குழந்தையை வாழ்த்திய தங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி." கீழே குழந்தையின் பெயர், தேதி, ஊர்.

அச்சகத்தில் கல்யாணப் பைக்கு முன்பே செய்து வைத்திருந்த வடிவத்தைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றினார்கள். சரிபார்க்க வந்த தாளில் "மணமக்களை வாழ்த்திய" என்றே இருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு! பழைய வடிவத்தில் புதுப்பெயர் ஏற்றும்போது வரும் பிழை இது. பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றிருந்தால் முந்நூறு பையும் அப்படியே வந்திருக்கும்.

பிழை திருத்திய வரிகளை ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பாக எடுத்தார்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைத் தடவி, அதன்மேல் அந்தத் தாளை வைத்து விளக்கொளி காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் பசை இறுகிவிடும். எழுத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் நிற்கும், தண்ணீர் பீய்ச்சினால் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்குகிறது.

தமிழுக்கு ஆபத்து இங்கேதான். எழுத்து சிறியதாக இருந்தால் புள்ளியின் துளை சரியாகத் திறக்காது. திறந்தாலும் சில பைகளுக்குப் பிறகு மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது "நன்றி", "நனறி" ஆகிவிடும். எங்களுக்கும் முதல் பையில் அப்படித்தான் வந்தது. "அண்ணே, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிடுங்க" என்றேன். அச்சகக்காரர் முகம் சுளிக்காமல் சட்டத்தைக் கழுவி, புதிதாகப் பசை தடவிக் கொடுத்தார். பெரிய எழுத்துக்கு இடம் வேண்டுமே என்று ஓரத்திலிருந்த பூவேலையை எடுத்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

அடித்த பைகள் ஒருநாள் முழுக்கக் கொடியில் காய்ந்தன. மறுநாள் ஒரு பையில் ஈரத்துணியால் எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தேன். துணியில் மை ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் பணம் கொடுத்தேன்.

விழாவன்று மண்டப வாசலில் தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு பைகள் கைமாறின. வாங்கியவர்களில் யாரும் நின்று அந்த வரிகளைப் படித்ததாகத் தெரியவில்லை. பையின் வாசகம் படிக்கப்படுவது பிறகுதான். காய்கறிக் கடையிலும் ரேஷன் வரிசையிலும், பக்கத்தில் நிற்பவரின் கண்ணால். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபின், இந்தத் துணிப்பைகளுக்கு வீட்டில் வேலை இன்னும் கூடியிருக்கிறது.

எங்கள் சமையலறைக் கதவில் தொங்கும் பையில், அடிக்கடி மடிகிற இடத்தில் "நெஞ்சார்ந்த" வெளிறிவிட்டது. குழந்தையின் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. பை அடிக்கக் கொடுப்பவர்கள் பூவேலையைக் குறைத்தாலும் தேதியை விட்டுவிடாதீர்கள்.