தறையாணியிலிருந்து போல்ட்டுக்கு: இழுவைத் தகட்டின் ஒரு முறிவுவழி கண்டறியப்பட்ட விதம்

கொலன்னாவை மின் துணைநிலையத்துக்கு உயரழுத்தக் கம்பிகளைச் சுமந்து வரும் கோபுரங்களின் குறுக்குச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, போல்ட்டால் முடுக்கப்பட்டு நிற்கின்றன. ஒரு சட்டத்தை இழுக்கும் விசை மேற்படிந்த அந்தச் சிறிய பரப்பின் வழியாகவே மற்றதற்குப் போகிறது. அப்பரப்பு எப்படி முறியும் என்பதைப் பொறியியல் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. முறிவுவழிகளுள் ஒன்று 1978 வரை விதித்தொகுப்புகளின் கண்ணுக்குத் தப்பியே இருந்தது. அது மறைந்திருந்ததற்கு அறியாமையைவிடத் தறையாணியே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

களனி ஆற்றின் மேல் 1895இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம் போன்றவை தறையாணிக் காலத்தவை. தறையாணியின் வலிமை குறைவு; ஆகவே ஓர் இணைப்புக்குப் பல ஆணிகள் தேவைப்பட்டன, இணைப்பும் நீண்டது. அன்றைய கேள்வி ஒன்றுதான்: துளைகள் போக மிஞ்சிய குறுக்குவெட்டு இழுவையைத் தாங்குமா? துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நிற்கும்போது எவ்வளவு அகலத்தைக் கழிப்பது என்பதற்கு 1922இல் காக்ரேன் தந்த எளிய விதி இன்றும் பயன்படுகிறது.

பிறகு உயர்வலிமை போல்ட் வந்தது. தறையாணிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று 1934இல் பிரித்தானியாவில் பேத்தோவும் பேட்மனும் காட்டினர். அமெரிக்காவில் 1947இல் இதற்கென ஓர் ஆய்வு மன்றம் அமைந்தது. அதன் முதல் விதிகள் 1951இல் வெளிவந்தன. துளைச்சுவரின் மேல் போல்ட் அழுத்துவதற்கான அனுமதி அளவும் பின்னர் உயர்த்தப்பட்டது. நான்கைந்து போல்ட் போதும் என்றானதும் இணைப்பு குறுகியது. அப்போதுதான் பிர்கமோ, கில்மர் என்ற இருவர் உத்தர இணைப்புகளைச் சோதித்து, போல்ட்டுகள் முறியாமலே அவற்றைச் சூழ்ந்த தகடு ஒரு துண்டாகப் பெயர்ந்து வருவதை 1978இல் எழுதினர். இதுவே பிளாக் ஷியர். பெயரும் துண்டின் பக்கக்கோடுகளில் வெட்டும், உட்கோட்டில் இழுவையும் ஒருங்கே செயற்படுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிப்பும் உள்ள எஸ்275 தகட்டில், 8.8 தர எம்20 போல்ட்டுகள் நான்கு, இரண்டு வரிசையாக. துளை 22 மி.மீ.; விசையின் திசையில் போல்ட் இடைவெளி 60, முனையிலிருந்து முதல் துளை மையம் 40, இரு வரிசைக்கும் இடையே 60. இழுவலிமை 410, பாகுநிலை வலிமை 275. யூரோகோட் 3இன் முறை, முறிவுக்கான பாதுகாப்புக் காரணி 1.25. மறை வெட்டுத்தளத்தில் விழுந்தால் ஒரு போல்ட் 94 கிலோநியூட்டன் தாங்கும், நான்கும் 376. துளைச்சுவர் அழுத்தம் நான்குக்கும் சேர்த்து 281. துளை கழித்த முழு அகலத்தின் இழுவை 368.

அடுத்து துண்டு. பக்கக்கோடு ஒவ்வொன்றும் 40+60=100; அதில் ஒன்றரைத் துளை, அதாவது 33 கழிய 67 மி.மீ. இரண்டு கோட்டுக்கும் பரப்பு 1,072 ச.மி.மீ.; அதன் வெட்டுத்தாங்கல் 170. உட்கோட்டில் 60–22=38 மி.மீ.; பரப்பு 304, தாங்கல் 100. மொத்தம் 270. ஆக, இணைப்பின் எல்லையைத் துண்டே வகுக்கிறது.

தகட்டின் அகலம் 120 ஆக இருந்தால் துளை கழித்த இழுவை 180க்கு இறங்கி அதுவே எல்லையாகும்; துண்டு அப்போதும் 270தான். அகலத்தைக் கூட்டியவர் ஒரு முறிவைத் தடுக்கிறார், மற்றதைத் தொடவே இல்லை. பழைய கணக்கின் போதாமை இங்கே வெளிப்படுகிறது. போல்ட் இடைவெளியை 60இலிருந்து 80 ஆக்கினால் துண்டு 321க்கும் துளைச்சுவர் 349க்கும் உயரும். நீண்ட தறையாணி இணைப்பு தன்னையறியாமல் செய்துவந்ததும் இதையே.

முறிவின் ஒழுங்கைப் பற்றிய புரிதல் இன்னும் தாமதமாகவே வந்தது. பழைய சோதனைகளைத் திரட்டி 2001இல் மறுபார்வை செய்த குலாக்கும் கிரொண்டினும், உட்கோட்டின் இழுவைப் பரப்பே முதலில் கிழிகிறது, அந்நேரம் பக்கக்கோடுகள் பாகுநிலையில் இழுபட்டு நிற்கின்றன என்று காட்டினர். அதனால் துளை கழித்த நீளத்தை வெட்டுக்கு எடுக்கும் யூரோகோட் கணக்கு சற்றுக் கடுமையானது. முழு 100 மி.மீ.யை எடுத்தால் நம் தகட்டுக்கு 354 கிடைக்கும். ஆனால் போல்ட்டுக் குழுவின் மையம் விசைக்கோட்டில் இல்லாத கோணச்சட்டங்களில் இழுவைப் பங்கு குறைவதால், அந்தக் கடுமையைத் தளர்த்தக் கூடாது என்பது என் எண்ணம்.

பிரித்தானியத் தரங்களைப் பின்பற்றி வந்த இலங்கைப் பொறியாளருக்குப் பிஎஸ் 5950இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலும், இந்தியப் பொறியாளருக்கு ஐஎஸ் 800இன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இச்சோதனை கிடைக்கிறது. ஆனால் அதன் விடையைக் குலைப்பது பெரும்பாலும் பட்டறைதான். துளைச்சுவர் நசுங்கினால் துளை நீள்வட்டமாகி முன்கூட்டியே கண்ணில் படும். உட்கோட்டு விரிசலோ மேற்படிந்த தகட்டின் அடியில் மறைந்திருக்கும். வரைபடத்தில் 40 ஆன முனைத் தூரம் துளையிடுகையில் 30 ஆகிவிட்டால் துண்டின் தாங்கல் 270இலிருந்து 245க்கும், துளைச்சுவரின் தாங்கல் 281இலிருந்து 248க்கும் விழும். போல்ட்டின் 376 மட்டும் மாறாது. தகடு பொருத்தப்படுமுன் அளவுநாடா வைத்துப் பார்க்க வேண்டிய முதல் அளவு அந்த முனைத் தூரமே.